தூணுக்குக் கீழே சுவர், சுவருக்குக் கீழே கல்லறை

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள யார்க் நகரத்துப் பெரிய தேவாலயத்துக்கு யார்க் மின்ஸ்டர் என்று பெயர். 1967இல் அதைப் பரிசோதித்த கட்டடக் கலைஞர் பெர்னார்ட் ஃபீல்டன், நடுக்கோபுரம் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று அறிவித்தார். ஏறத்தாழ 16,000 டன் எடையுள்ள கோபுரம் அது. நான்கு பெருந்தூண்களின் மேல் நிற்கிறது. அந்தத் தூண்கள் ஒரே சீராக இல்லாமல் ஆளுக்கொரு பக்கமாக மண்ணில் இறங்கியிருந்தன. சுவர்களில் விரிசல் ஓடியிருந்தது.

காரணம் தரைக்குக் கீழே இருந்தது. கோபுரத்தைத் தாங்கிய தூண்களுக்கென்று யாரும் முழுதாகப் புது அடித்தளம் போடவில்லை. அதற்கு முன் அதே இடத்தில் நின்ற பழைய தேவாலயத்தின் அடித்தளத்தையே பயன்படுத்திக்கொண்டார்கள். தூணின் ஒரு பகுதி பழைய அடித்தளத்தின் மேலும், மறு பகுதி அதற்கு வெளியே உள்ள மண்ணின் மேலும் நின்றது. ஒரு பக்கம் அமுங்காது, மறுபக்கம் அமுங்கும். பல நூற்றாண்டுகள் அப்படியே போனால் தூண் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தூண்களைச் சுற்றித் தோண்டி, அடித்தளத்தை கான்கிரீட்டால் அகலப்படுத்தி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுவது என்று முடிவாயிற்று. 1972இல் அந்த வேலை முடிந்தது. அத்தனை ஆழத்துக்கு அங்கே அதுவரை முறையாக யாரும் தோண்டியதில்லை. எனவே பொறியாளர்களோடு தொல்லியலாளர்களும் குழிக்குள் இறங்கினார்கள். பெரும்பகுதி ஆண்டுகள் இந்த அகழாய்வை நடத்தியவர் டெரெக் ஃபிலிப்ஸ். ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்த கட்டடங்களை அவர்கள் எப்படிப் பிரித்துப் படித்தார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

மண்ணடுக்கு என்றால் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆற்றங்கரையில் அது சரி. கட்டடத்துக்கு அடியில் அந்த ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் எல்லாம் குழம்பிவிடும். மனிதன் மண்ணைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை, தோண்டவும் செய்கிறான். கிணறு, குப்பைக்குழி, பிணக்குழி, வானம் என்று ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் அடுக்கைக் கிழித்துக்கொண்டு கீழே போகிறது. நேற்று வெட்டிய கிணற்றின் அடியில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளி, பக்கத்தில் இரண்டடி ஆழத்தில் கிடக்கும் சோழர்காலப் பானை ஓட்டைவிட ஆழத்தில்தான் இருக்கும்.

ஆகவே அடுக்கைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது வெட்டு. இதைப் புரிந்துகொள்ள நம் ஊரில் வீடு கட்டுவதை நினைத்தாலே போதும். முதலில் வானம் தோண்டுவார்கள். அதில் கருங்கல்லைப் போட்டு அடித்தளம் எழுப்புவார்கள். கல்லுக்கும் குழியின் ஓரத்துக்கும் நடுவே ஒரு சாணோ இரண்டு சாணோ இடைவெளி விழும். தோண்டிய மண்ணையே அதில் தள்ளி மூடுவார்கள். சுவர் எழும்பிய பிறகு உள்ளே மண் நிரப்பி, திமிசு போட்டு, சுவரோடு சேரும்படி தளம் போடுவார்கள்.

இப்போது நானூறு வருடம் கழித்து ஒருவர் அந்த இடத்தைக் குறுக்காக வெட்டிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெட்டுமுகத்தில் பழைய தரையின் அடுக்குகள் கிடையாக வந்து, ஓரிடத்தில் திடீரென்று அறுபட்டு நிற்கும். அதுதான் வானத்தின் ஓரம். அந்த ஓரத்துக்கும் கல்லுக்கும் நடுவே, மேல்மண்ணும் கீழ்மண்ணும் கட்டி கட்டியாகக் கலந்த, கொஞ்சம் பொலபொலப்பான மண் இருக்கும். அது நிரப்புமண். அதற்கு மேல் தளம் தடையில்லாமல் ஓடி வந்து சுவரைத் தொடும். இவ்வளவு தெரிந்தால் போதும். அறுபட்ட அடுக்குகள் எல்லாம் சுவருக்கு முந்தியவை. நிரப்புமண் சுவர் எழுந்த அதே நாட்களைச் சேர்ந்தது. மேலே மூடிய தளம் சுவருக்குப் பிந்தியது.

கேட்க எளிது. குழிக்குள் நின்றால் அந்த ஓரம் கண்ணுக்குத் தெரிவதே பெரும்பாடு. காய்ந்த மண் எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரியும். கரணையால் மண்ணை மெல்லச் சீவி, தண்ணீரைப் புகைபோலத் தெளித்து, சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் நிறம் மாறும் கோடு தெரியும். நிறத்தில் தெரியாதது சில சமயம் கைக்குத் தெரியும். நிரப்புமண்ணில் கரணை சட்டென்று இறங்கும். எலி வளை, மரவேர், மண்புழு எல்லாம் இந்தக் கோட்டை அழித்துவிடுவதும் உண்டு.

கோட்டை அழிப்பதில் எலியைவிட மோசமானவர் அவசரக்காரத் தோண்டுநர். சுவரின் தலை தெரிந்ததும் அதன் இரு பக்கமும் ஒட்டியபடியே தோண்டிக்கொண்டு போவது அந்தக்கால வழக்கம். சுவர் அழகாக வெளியே வந்துவிடும், படமும் நன்றாக இருக்கும். ஆனால் சுவரையும் சுற்றியிருந்த தரைகளையும் இணைத்த நிரப்புமண் முழுதும் அப்போதே வெளியே போய்விடும். அந்தச் சுவர் எந்தத் தரையோடு சேர்ந்தது என்பதை அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர் இதைத்தான் கடுமையாக எதிர்த்தார். எல்லாப் பொருளையும் ஒரு பொது மட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என்று மட்டும் குறித்துவைக்கும் பழக்கத்தையும் அவர் விடவில்லை. 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் தோண்டியபோது, குழியின் வெட்டுமுகத்தை நேராகச் சீவி, ஒவ்வொரு அடுக்குக்கும் எண் எழுதிய சீட்டைக் குத்தி, வரைபடம் எடுத்த பிறகே அடுத்த அடுக்குக்கு இறங்கும் முறையை மாணவர்களுக்குப் பழக்கினார். இன்று கீழடிக் குழிகளின் படங்களில் பக்கச் சுவரில் குத்தியிருக்கும் சின்னச் சின்னச் சீட்டுகளும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

யார்க்குக்குத் திரும்புவோம். மேலிருந்து கீழே இறங்கிப் பார்க்கலாம்.

முதலில் இன்று நிற்கும் தேவாலயம். இதைக் கட்டும் வேலை 13ஆம் நூற்றாண்டில் தொடங்கி, 1407இல் பழைய நடுக்கோபுரம் இடிந்து, புதுக் கோபுரம் எழுந்து, 1472இல் முடிந்தது. இதன் தூண்களின் அடியில் தோண்டியபோது, தூணின் கல்வேலைக்குப் பொருந்தாத பெரும் அடித்தளம் ஒன்று தட்டுப்பட்டது. வேறு திட்டத்துக்கு, வேறு அகலத்தில் போட்டது. சுண்ணாம்புக் காரையில் கற்களைக் கொட்டிக் கெட்டித்து, உள்ளே கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் புதைத்துக் கட்டியிருந்தார்கள். இது பாயோவின் தாமஸ் என்ற பேராயர் 1080 அளவில் தொடங்கிய நார்மன் தேவாலயம்.

இரண்டு கட்டங்களையும் பிரிப்பதற்கு ஆழம் தேவைப்படவில்லை. கல் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதே போதும். ஒரே நேரத்தில் கட்டிய இரண்டு சுவர்கள் மூலையில் ஒன்றுக்குள் ஒன்று கல் கோத்துக்கொண்டு நிற்கும். பிறகு கட்டிய சுவர், முன்பே நின்ற சுவரின் மேல் சும்மா சாய்ந்து நிற்கும். நடுவே நேர்கோடாக ஓர் இணைப்பு தெரியும். சாய்ந்து நிற்பதுதான் இளையது. காரையும் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் கொத்தனார்கள் வேறு மணல், வேறு அளவு சுண்ணாம்பு கலந்திருப்பார்கள். நார்மன் தேவாலயத்தின் சுவர்கள் சில இடங்களில் வெளிப்பூச்சோடு தரைக்குக் கீழே தப்பியிருந்தன. வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்புக் கோடுகள் இழுத்து, செதுக்கிய கல்லால் கட்டியதுபோல ஏமாற்றியிருந்தார்கள். வெயில்படும் வெளிப்புறத்துக்குத்தான் அப்படிப் பூசுவார்கள். அந்தப் பூச்சு இப்போது இன்றைய தேவாலயத்தின் தளத்துக்குக் கீழே, கட்டடத்துக்கு உள்ளே கிடக்கிறது. ஒரு காலத்தில் வெளியாக இருந்த இடம் பிறகு உள்ளாக மாறியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்தது கல்லறைகள். இன்றைய தேவாலயத்தின் தென்சிறகுக்கு அடியில், நார்மன் அடித்தளத்துக்கும் கீழே, ஓர் இடுகாடு கிடைத்தது. வெட்டு என்ற கருத்து இங்கேதான் முழு வேலை செய்கிறது. எலும்புக்கூடு ஒன்று கிடக்கிறது, அதன் முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை, அறுபட்ட இடத்தில் அடித்தளக் குழியின் ஓரம் போகிறது என்றால், குழி தோண்டியவர்கள் பிணக்குழியை வெட்டிக்கொண்டு போனார்கள் என்று பொருள். கல்லறை முந்தியது, அடித்தளம் பிந்தியது. மாறாக, அடித்தளத்தின் நிரப்புமண்ணுக்குள் பிணக்குழி இறங்கியிருந்தால் வரிசை தலைகீழ். யார்க்கில் நார்மன் அடித்தளம்தான் இடுகாட்டை வெட்டியிருந்தது. அப்படியானால் அந்த இடுகாடு 1080 அளவில் அங்கே முடிந்துவிட்டது.

அதில் இன்னொரு விந்தை. கிறித்தவக் கல்லறைகள் கிழக்கு மேற்காகக் கிடக்க வேண்டும். இன்றைய தேவாலயமும் நார்மன் தேவாலயமும் கிழக்கு மேற்காகத்தான் இருக்கின்றன. ஆனால் இந்தக் கல்லறைகள் அந்தத் திசையிலிருந்து நன்றாகத் திரும்பிக் கோணலாகக் கிடந்தன. ஏன் என்பதற்கு விடை இன்னும் கீழே இருந்தது.

அங்கே ரோமானியப் படையின் தலைமையகம். கி.பி. 71இல் ரோமானியர்கள் எபோராகம் என்ற கோட்டையை இங்கே நிறுவினார்கள். 306இல் கான்ஸ்டன்டைன் பேரரசராக அறிவிக்கப்பட்டதும் இந்த ஊரில்தான். கோட்டையின் நடுவிலிருந்த தலைமையகத்தின் பெருமண்டபம் நேராக மின்ஸ்டருக்குக் கீழே வருகிறது. அந்த மண்டபத்தின் விழுந்து கிடந்த தூண் ஒன்றை எடுத்து 1971இல் தேவாலயத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். ரோமானியக் கோட்டை, ஆற்றின் போக்கை ஒட்டிக் கோணலாகத் திட்டமிட்டது. கல்லறைகள் அந்தக் கோணத்தைத்தான் பின்பற்றின. அதாவது பிணங்களைப் புதைத்த காலத்தில் ரோமானியச் சுவர்களோ தெருக்களோ ஏதோ ஒரு வடிவில் தரைக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தன. அவற்றை அனுசரித்தே குழி தோண்டினார்கள். பிறகு வந்த தாமஸ் பேராயர் அந்தப் பழைய ஒழுங்கு முழுவதையும் ஒதுக்கிவிட்டு, சுத்தமான கிழக்கு மேற்கில் கட்டினார். மண்ணடுக்கின் வரிசையும் சுவர்களின் திசையும் ஒன்றையொன்று உறுதிசெய்த அருமையான இடம் இது.

இவ்வளவும் படிக்கக் கோவையாக இருக்கிறது. குழிக்குள் அப்படி இல்லை. தொல்லியலாளர்கள் விரும்பிய இடத்தில் தோண்ட முடியவில்லை. கான்கிரீட் போட வேண்டிய இடத்தில்தான் தோண்ட முடிந்தது. தூணைச் சுற்றி ஒரு குழி, அந்தப் பக்கம் ஒரு குழி, நடுவே தொடக்கூடாத அடித்தளம். முதல் குழியில் காணும் கரிய அடுக்கும் மூன்றாவது குழியில் காணும் கரிய அடுக்கும் ஒன்றுதானா? நிறம் ஒன்றாக இருப்பதால் ஒரே அடுக்கு என்று சொல்ல முடியாது. தொடர்ந்து ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஆழமும் உதவாது, பழைய குழிகளுக்கு மேல் கிடக்கும் அடுக்கு காலப்போக்கில் உள்ளே அமுங்கி ஓரடி, இரண்டடி இறங்கிவிடும்.

இப்படிச் சிதறிய துண்டுகளை வரிசைப்படுத்த இன்று உலகெங்கும் பயன்படும் முறையை எட்வர்ட் ஹாரிஸ் என்பவர் 1973இல் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் உருவாக்கினார். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒவ்வொரு சுவருக்கும் ஓர் எண். குழி என்ற வெறும் வெட்டுக்கும் தனி எண். அதற்குள் நிரம்பிய மண்ணுக்கு வேறு எண். குழி தோண்டிய நாளும் அது நிரம்பிய நாளும் வெவ்வேறு அல்லவா? பிறகு ஒவ்வோர் எண்ணுக்கும் எது நேரடியாக முந்தியது, எது பிந்தியது என்று மட்டும் கேட்டுப் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்துக்கொண்டே போக வேண்டும். நமது வீட்டு உதாரணத்தில் கீழிருந்து மேலாகப் பழைய தரை, வானம், கல், நிரப்புமண், தளம் என்று ஐந்து பெட்டிகள் வரும். இரண்டு குழிகளுக்கு நடுவே தொடர்பு தெரியாவிட்டால் கோடு போடக்கூடாது. இரண்டு வரிசைகளும் தனித்தனியாக மிதக்க வேண்டியதுதான். இந்த முறையின் நேர்மை எனக்குப் பிடித்ததே இதனால்தான். தெரியாத இடம் படத்திலேயே வெற்றிடமாகத் தெரிந்துவிடும்.

மண்ணடுக்கு வரிசையைத்தான் தரும், ஆண்டைத் தராது. ஆண்டுக்கு அடுக்குக்குள் கிடைக்கும் பொருளை நம்ப வேண்டும். வீட்டு வானத்தின் நிரப்புமண்ணில் 2011இல் அடித்த ஐந்து ரூபாய் நாணயம் கிடைத்தால், அந்த வீடு 2011க்கு முன்பு கட்டியதாக இருக்க முடியாது. ஆனால் 2011இல்தான் கட்டினார்கள் என்றும் சொல்ல முடியாது. 2025இல் கட்டியவரின் பையிலும் அந்த நாணயம் இருந்திருக்கலாம். அதே நிரப்புமண்ணில் பிரிட்டிஷ் காலத்துக் காலணாவும் கிடக்கலாம். வானம் தோண்டியபோது பழைய அடுக்கிலிருந்து மேலே வந்த மண்ணோடு அதுவும் வந்திருக்கும். ஆகவே ஓர் அடுக்கில் இருக்கும் பழைய பொருளுக்கு மதிப்பு குறைவு. ஆகப் புதிய பொருள்தான் பேசும். அரிக்கமேட்டில் வீலர் இத்தாலியிலிருந்து வந்த, காலம் தெரிந்த சிவப்புப் பாண்ட ஓடுகளை அடுக்கோடு பொருத்தியதால்தான், கூடவே கிடைத்த உள்ளூர்ப் பாண்டங்களுக்கும் ஒரு காலம் கிடைத்தது.

யார்க்கில் இந்தப் பொருள் சிக்கல் பெரிய வாக்குவாதத்தில் முடிந்தது. ரோமானிய மண்டபத்தின் கடைசித் தளத்துக்கு மேல், பன்றிக்குட்டி எலும்புகள் ஏராளமாகக் கலந்த மண் கிடந்தது. இடிபாடு அதற்குப் பிறகுதான் வருகிறது. அப்படியானால் மண்டபம் எப்போது விழுந்தது? டெரெக் ஃபிலிப்ஸ், கூரையோடு அது 9ஆம் நூற்றாண்டுவரை நின்றது என்று படித்தார். ரோமானியர்கள் போய் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களுடைய மண்டபம் நின்றது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் 1995இல் அந்த அறிக்கைத் தொகுதி வெளிவந்தபோது, அதைத் தொகுத்த மார்ட்டின் கார்வர் அதே பதிவுகளை வைத்துக்கொண்டு, மண்டபம் அதற்கு வெகுமுன்பே இடிந்திருக்கலாம் என்ற இன்னொரு வாசிப்பை முன்வைத்தார். 2007இல் ஜேம்ஸ் ஜெரார்ட் பன்றிக்குட்டி அடுக்கை மறுபடி ஆராய்ந்து, அதை ரோமானிய ஆட்சியின் இறுதிக் காலத்தோடு சேர்த்தார். அடுக்குகளின் வரிசையில் இவர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. அந்த வரிசையில் ஒவ்வொரு படிக்கும் எத்தனை ஆண்டு கொடுப்பது என்பதில்தான் சண்டை. கட்டடம் விழுந்த பிறகு வந்த மண்ணிலும் ரோமானியப் பானை ஓடுகளே நிறைந்திருக்கும் ஊர் அது. ஓட்டை வைத்து ஆண்டு சொல்ல முயன்றால் இந்தத் தடுமாற்றம் வரத்தான் செய்யும்.

இல்லாததைக்கூட மண்ணடுக்கு சொல்லும் என்பதற்கும் யார்க்கே சாட்சி. 627இல் எட்வின் மன்னன் ஞானஸ்நானம் பெறுவதற்காக இந்த ஊரில் மரத்தால் ஒரு தேவாலயம் எழுந்தது. விரைவிலேயே அதைக் கல்லால் கட்டத் தொடங்கினார்கள். இன்றைய மின்ஸ்டருக்கு நேர் கீழே அது இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கல் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் கட்டடம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பழைய சுவரின் கல்லைப் பெயர்த்துப் புதுக் கட்டடத்துக்கு எடுத்துப்போவது எங்கும் நடந்தது. அப்படி எடுத்தாலும் பெயர்த்த பள்ளம் மண்ணில் நின்றுவிடும். வின்செஸ்டரில் 1093இல் இடித்த பழைய தேவாலயத்தின் வரைபடத்தை 1960களில் மார்ட்டின் பிடில் குழுவினர் மீட்டது பெரும்பாலும் இப்படிப்பட்ட கல்லில்லாப் பள்ளங்களை வைத்துத்தான். யார்க்கில் தோண்டிய குழிகளில் அத்தகைய பள்ளமும் இல்லை. நார்மன் அடித்தளத்துக்குக் கீழே கல்லறைகள், கல்லறைகளுக்குக் கீழே ரோமானிய இடிபாடு, நடுவே எந்தக் கட்டடத்துக்கும் இடமில்லை. கல்லறைகள் இருப்பதால் தேவாலயம் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். அது எங்கே என்பது இன்னும் அகழாய்வில் கிடைக்கவில்லை.